மயிலாப்பூர்ப் பாட்டியும் கீழ் பர்த்தும்

மயிலாப்பூர்ப் பாட்டி எனப்படுபவர், கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளிலோ கோயில் மணியோசை எட்டும் தொலைவிலோ குறைந்தது நாற்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தி, மகனைத் தியாகராய நகரிலும் மகளை அடையாற்றிலும் குடியமர்த்திவிட்டு, அவ்விரு வீடுகளின் சமையலறைகளையும் தொலைபேசி வழியாகவே ஆண்டுவரும் ஒரு சமூக வகையினர் ஆவார். இவ்வகையினரை ஊர் சுற்றாதவர்கள் என்று சொல்ல இயலாது. காசியும் ராமேசுவரமும் திருப்பதியும் அவர்களுக்கு லஸ் முனையைப் போலவே பழக்கமானவை. எனினும் அப்பயணங்களில் ஒன்றையும் விடுமுறைக் கணக்கில் சேர்க்க முடியாது. யாத்திரை என்பது விடியற்காலை நான்கு மணிக்குக் குளிர்ந்த நீரில் மூழ்கி எழுந்து, மகனுடைய பதவி உயர்வுக்காகவும் பேத்தியின் கல்யாணத்துக்காகவும் வரிசையில் நிற்பது. கல்யாணப் பயணமோ சீர்த்தட்டுகளை எண்ணுவதும், எண்ணிக்கை குறைந்ததை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நினைவில் வைத்திருப்பதும் ஆகும்.

இவ்வகையினரை ஆராய்வோரைக் குழப்பக்கூடியது அமெரிக்கப் பயணமே. அந்நாட்டு அரசு பாட்டிகளுக்குத் தருவது பி-2 விசா, அதாவது உல்லாசப் பயணத்துக்கும் உறவினரைக் கண்டு வருவதற்கும் உரிய அனுமதி. போய் இறங்கியதும் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க இசைவு தருகிறார்கள். அந்த ஆவணத்தின்படி பாட்டி ஒரு சுற்றுலாப் பயணி. நடைமுறையில் அவருடைய பெட்டியில் சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம் ஆகியவற்றைக் கிளறிச் செய்த பிரசவ லேகியமும், சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூவும் வறுத்து இடித்த அங்காயப் பொடியும் இருக்கும். போய்ச் சேர்ந்த மறுநாளே பத்தியச் சமையல், அதாவது பிள்ளை பெற்றவளுக்குப் புளியும் காரமும் விலக்கிச் செய்யும் சமையல், தொடங்கிவிடும். இங்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படும் வடக்கு மாடவீதிப் பாட்டி மூன்று பேறுகாலங்களுக்கு மூன்று முறை சென்றவர். நயாகரா அருவியைக் காட்ட அழைத்துப் போன அன்றும், பேரனின் பால் புட்டியைக் கழுவ வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பதே அவருடைய கவலையாக இருந்தது. அவ்வளவு தண்ணீர் விழும் இடத்தில் வெந்நீர் மட்டும் இல்லை என்பது அமெரிக்காவைப் பற்றி அவர் இன்றளவும் சொல்லும் ஒரே குறை.

ஆகவே அமெரிக்காவுக்கு மூன்று முறை போய்வந்த ஒருவருடைய முதல் விடுமுறை, எழுபதாம் வயதில், உதகமண்டலத்துக்கு அமைந்தது என்பதில் முரண்பாடு ஏதுமில்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருமேனிகளும் மாடவீதிகளை வலம் வருகிற அறுபத்துமூவர் அன்று, வழக்கம்போல் வீடு நிறைந்த உறவினருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, மறுநாள் இரவு தாம் தனியாக ஊட்டிக்குப் போவதாகவும் டிக்கெட் எடுத்தாகிவிட்டதாகவும் பாட்டி அறிவித்தார். தியாகராய நகர் மகன் காரில் அழைத்துப் போவதாகச் சொன்னார். அடையாறு மகள் முதியோர் குழுச் சுற்றுலா ஒன்றில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். கடைசியில் மகன் தாமும் ரயிலிலேயே உடன் வருவதாகச் சொன்னபோது கிடைத்த பதில் இது:

“நீ வந்தா எனக்குக் கீழ் பர்த் கிடைக்காதுடா.”

இதை அன்பின்மை என்று கொள்ளக் கூடாது. இது ரயில்வே விதி. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு அறுபது வயது நிரம்பிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயது நிரம்பிய பெண்களுக்கும் உரியது. அதுவும் அவர்கள் தனியாகவோ, ஒரே டிக்கெட்டில் இவ்வாறு தகுதி பெற்ற இருவராகவோ செல்லும்போது மட்டுமே. நாற்பத்தெட்டு வயது மகனை டிக்கெட்டில் சேர்த்த கணமே தாய் அந்த ஒதுக்கீட்டை இழந்து, எந்தப் படுக்கை வருமோ என்று கணினியின் தயவை நம்பியிருக்க நேரிடும். பிள்ளையின் துணை முழங்காலுக்கு ஆகாது என்பதைக் குடும்பத்தில் எவரும் அதுவரை சட்டரீதியாக ஆராய்ந்ததில்லை. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஐம்பத்தெட்டு வயது கடந்த பெண்களுக்கு 2020 மார்ச் வரை பாதிக் கட்டணச் சலுகை இருந்தது, பாதிப் பணத்துக்குப் போயிருக்கக்கூடிய ஆண்டுகளிலெல்லாம் ஊட்டியை நினைக்காத பாட்டி, சலுகை போன பிறகு முழுப் பணம் கட்டிப் புறப்பட்டதுதான் மகனை மிகவும் வருத்தியது.

புறப்படுவதற்கு முன் குடும்பத்தார் மூன்று கணிப்புகளை வெளியிட்டனர். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, காப்பி ஃபில்டர் ஆகியவை இன்றி அம்மா நகர மாட்டார் என்றார் மகள். நாளைக்கு மூன்று முறை அழைத்துத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்பார் என்றார் மருமகள். இரண்டே நாளில் திரும்பிவிடுவார் என்றார் மகன். பாட்டியோ பாண்டி பஜாரில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் மங்கி குல்லாயும் வாங்கி, அவற்றைத் தோள்பையில் திணித்துக்கொண்டு, சாப்பாட்டு மூட்டை எதுவும் இல்லாமல் சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிக் கீழ் பர்த்தில் காலை நீட்டிப் படுத்தார்.

அந்த ரயில் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து காலை 7.10 மணிக்கு மலை ரயில் புறப்படுகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய இந்த ரயில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர் வரை, 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் சரிவு வருவதால், இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். ஏறும்போது எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் போகும் பெட்டிகளைப் பார்ப்பவர்கள் அவை தாமே ஏறுவதாக எண்ணிக்கொள்கிறார்கள் என்று கேட்டபோது பாட்டி சற்று உரக்கவே சிரித்தாராம். காரணம் கேட்ட பக்கத்து இருக்கைக்காரரிடம் தமக்கு இரண்டு பிள்ளைகள் என்று மட்டும் சொன்னாராம்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அதற்காக ரயில் சற்று நேரம் நிற்கும். அந்த இடைவெளியில், லஸ்ஸில் கண்ணெதிரே அரைத்த தூளைத் தவிர வேறு எதையும் ஏற்காத, பிறர் போட்ட காப்பியை நாற்பது ஆண்டுகளில் ஒருமுறையும் பாராட்டாத அந்தப் பாட்டி, நடைமேடையில் இறங்கித் தேநீர் வாங்கிக் குடித்தார். அதுவும் பால் விடாத தேநீர். நன்றாக இருந்தது என்று கூறி இன்னொன்றும் வாங்கினார். இச்செய்தி புகைப்படத்துடன் குடும்ப வாட்ஸாப்பில் வந்து சேர்ந்தபோது, அடையாற்றில் படம் உண்மைதானா என்ற ஐயம் எழுந்தது; தியாகராய நகரில் மருத்துவரைக் கேட்கலாமா என்று ஆலோசிக்கப்பட்டது.

உதகையில் அவர் செய்தவை குறைவு: தாவரவியல் பூங்காவில் உட்கார்ந்திருந்தார், தூங்கினார், எவருக்காகவும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மகள் வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்க அழைத்தபோது, “இங்கே டவரே இல்லைடி” என்று மிகத் தெளிவாகக் கேட்ட குரலில் சொல்லி வைத்துவிட்டார். ஒன்பதாம் நாள் திரும்பினார். துளசி வாடியிருந்ததைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது குறித்து மருமகள் இன்னும் கவலையில் இருக்கிறார்.

தாயையோ பாட்டியையோ அனுப்ப நினைக்கும் வாசகர்கள், 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது என்பதையும், கீழ் பர்த் வேண்டுமானால் தங்கள் பெயரை அந்த டிக்கெட்டில் சேர்க்கக் கூடாது என்பதையும் கவனத்தில் கொள்ளவும். வடக்கு மாடவீதிப் பாட்டி எடுத்து வைத்திருக்கும் அடுத்த டிக்கெட்டில் இரண்டாவது பெயர் எதிர்வீட்டு மாமியுடையது. அவருக்கு வயது அறுபத்தாறு.