காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

கேள்வி: வயிறு நிறைந்தால் பெரியவர்களுக்கே கண் சொக்குகிறது. பச்சிளம் குழந்தைக்கு மட்டும் சொக்காதா?

பதில்: அமெரிக்க வீடுகளில் பல தலைமுறைகளாக வழங்கிவரும் ஒரு வழக்கம் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. வேகவைத்து உலர்த்திப் பொடித்த அரிசியை அங்கே அரிசி சீரியல் என்பார்கள். அதை இரவுப் பால்புட்டியில் கலந்து கொடுத்தால், கெட்டியான உணவு மெல்லச் செரித்து, குழந்தை விடியும்வரை தூங்கும் என்பது நம்பிக்கை. ஆனால் கைக்குழந்தை விழிப்பதற்குப் பசி ஒன்று மட்டுமே காரணமன்று. அதன் தூக்கம் ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆழத்திலிருந்து மேலெழும் சுழற்சிகளால் ஆனது; இரவையும் பகலையும் பிரித்தறியும் உடற்கடிகாரமோ பிறந்து இரண்டு மூன்று மாதங்கள் சென்ற பிறகே சீர்ப்படத் தொடங்குகிறது. இவ்விரண்டும் மூளை வளர்ச்சியோடு முதிர்பவையாதலால், வயிற்றை நிரப்பி இவற்றை விரைவுபடுத்த முடிவதில்லை.

கேள்வி: இதை யாரேனும் முறையாகச் சோதித்துப் பார்த்ததுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்க மருத்துவர் மேக்னினும் அவருடைய குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 106 குழந்தைகள் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்ற முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஐந்தாம் வாரத்திலேயும் மற்றவர் நான்காம் மாதத்திலேயும் இரவுப் புட்டியில் சீரியலைத் தொடங்கினர். நான்காம் வாரம் முதல் இருபத்தொன்றாம் வாரம் வரை, வாரத்தில் ஒரு முழுநாள் குழந்தை தூங்கிய நேரத்தை வளர்ப்போர் குறித்துவைத்தனர். தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கியவர் எத்தனை பேர், எட்டு மணி நேரம் தூங்கியவர் எத்தனை பேர் என்று ஒப்பிட்டபோது, சீரியலை முன்னதாகத் தொடங்கிய குழு மற்றதை முந்தியதாகத் தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால், "கொடுத்தோம், தூங்கியது" என்று உறுதியாகச் சொல்லும் பாட்டிமார்கள் கண்டது என்ன?

பதில்: அவர்கள் கண்டது உண்மையே, காரணத்தைத்தான் வேறிடத்தில் தேட வேண்டும். எட்டாம் வாரத்தில் இரவுக்கு மூன்று முறை விழிக்கும் ஒரு குழந்தைக்குச் சீரியல் தொடங்கப்படுவதாகவும், பன்னிரண்டாம் வாரத்தில் அது ஒருமுறை மட்டுமே விழிப்பதாகவும் கொள்வோம். அந்த நான்கு வாரங்களில் குழந்தையின் உடற்கடிகாரமும் வளர்ந்திருக்கிறது. ஒரு பாலூட்டில் அது குடிக்கும் அளவும் கூடியிருக்கிறது. ஆகவே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, தானே பழுத்து விழுந்த பழத்தின் பெருமை காக்கையைச் சேர்ந்துவிடுகிறது. காக்கை உட்காராத மரத்திலும் அதே வாரத்தில் பழம் விழுந்ததா என்று பார்ப்பதற்காகவே ஆய்வாளர்கள், அந்த உணவைப் பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். ஒரே குழந்தையை வளர்க்கும் வீட்டில் இத்தகைய ஒப்பீட்டுக்கு வழியில்லை என்பதால், பாட்டியின் அனுபவத்தைப் பொய் என்று தள்ளுவது நியாயமாகாது.

கேள்வி: திட உணவு முன்னதாகக் கொடுத்தால் தூக்கம் கூடும் என்று இங்கிலாந்தில் கண்டார்களாமே?

பதில்: 2018-இல் வெளியான அந்த ஆய்வில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த 1,303 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்திலிருந்தே திட உணவு தொடங்கப்பட்டது. வேறுபாடு மிகுந்து காணப்பட்ட ஆறாம் மாதத்தில், அவர்கள் இரவில் ஏறக்குறைய 17 நிமிடங்கள் கூடுதலாகத் தூங்கினர். எந்தக் குழுவில் தம் குழந்தை இருக்கிறது என்பதை அறிந்த பெற்றோரே தூக்கத்தையும் கணித்தனர் என்பதால் இம்முடிவை நிதானத்தோடு கொள்ள வேண்டும். மேலும் அங்கே சோதிக்கப்பட்டது திட உணவை முன்னதாகத் தொடங்குவதேயன்றி, புட்டிப்பாலில் மாவைக் கலப்பதன்று.

கேள்வி: பயனில்லாவிட்டாலும் ஒரு கரண்டி மாவு என்ன கெடுதல் செய்துவிடும்?

பதில்: கணக்கிட்டுப் பார்த்தால் அது சிறிதன்று. ஒரு அவுன்ஸ் புட்டிப்பாலில் ஏறக்குறைய 20 கலோரி ஆற்றல் உண்டு. அவுன்ஸுக்கு ஒரு மேசைக்கரண்டி சீரியல் சேர்ந்தால் அது 34 கலோரி அளவுக்கு உயரும். நான்கு அவுன்ஸ் புட்டி ஒன்றில் 80 கலோரியாக இருந்தது 136 ஆகிவிட, போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, வழக்கமான அளவைக் குடித்து முடிப்பதற்குள் வேண்டியதைவிட மிகுதியாக உட்கொண்டுவிடும். கெட்டிப்பட்ட பால் இறங்குவதற்காக ரப்பர்க் காம்பின் துளையைப் பெரிதாக்குவோரும் உண்டு. அப்போது பால் சீராக வராமல் பாய்ந்து வந்து, புரையேறி, மூச்சுக்குழாய்க்குள் செல்ல இடமுண்டாகிறது. குடிக்கும்போது இருமலோ, திணறலோ, தொண்டையில் கரகரப்பொலியோ கேட்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்செனிக் என்னும் நச்சுத் தனிமத்தை நெற்பயிர் மற்றத் தானியங்களைவிட மிகுதியாக உறிஞ்சுகிறது என்பதும் இதோடு சேரும். அதனாலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கான அரிசி சீரியலில் கனிம ஆர்செனிக்குக்கு, நூறு கோடிப் பங்கில் 100 பங்கு என்ற வரம்பை 2020-இல் அறிவித்தது.

கேள்வி: ஆனால் சில குழந்தைகளுக்கு மருத்துவரே பாலைக் கெட்டியாக்கச் சொல்கிறாரே?

பதில்: குடித்த பால் இரைப்பையிலிருந்து அடிக்கடி மேலெழுந்து, அதனால் எடை கூடாமலோ வேறு தொல்லைகளோடோ இருக்கும் குழந்தைகளுக்கும், விழுங்குவதில் குறையுள்ள சில குழந்தைகளுக்கும் அவ்வாறு சொல்வதுண்டு. அங்கே நோக்கம் பாலை வயிற்றில் தங்கவைப்பதோ, பாதுகாப்பாக விழுங்கச்செய்வதோ ஆகும். எந்த மாவு, அவுன்ஸுக்கு எவ்வளவு, எந்த அளவுத் துளையுள்ள காம்பு என்பவற்றை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார்.