204 டன் பெருமை

பெருங்களத்தூர் தாண்டி, மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எழுத்து வேலை பார்க்கிறேன். விசிட்டிங் கார்டில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்று இருக்கும். கேன்டீனில் ‘சாம்பாரை வீணாக்காதீர்’ போர்டு எழுதுவதும் அதில் அடக்கம்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனி ஷேர் மார்க்கெட்டில் இருக்கிற பெரிய இடம். அந்த மாதிரி முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது செபி உத்தரவு. செபி அவர்களைக் கேட்டது, அவர்கள் எங்கள் எம்.டி.யைக் கேட்டார்கள், எம்.டி. என்னைக் கேட்டார். எனக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லை.

எழுதிக் கொடுத்தேன். “சூழலுக்கு உகந்த உற்பத்தியே எங்கள் உயிர்மூச்சு. பசுமை மின்சாரத்துக்கு மாறி, கார்பன் வெளியீட்டைக் கணிசமாகக் குறைத்துள்ளோம். நீரைப் பொறுப்புடன் பயன்படுத்துகிறோம்.” படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. கஸ்டமர் ஆபீஸிலிருந்து திரும்பி வந்த பிரதியில் ‘கணிசமாக’ பக்கத்தில் மூன்று கேள்விகள்: எவ்வளவு, எந்த வருஷத்தோடு ஒப்பிட்டு, எந்த மீட்டர்படி? ‘உயிர்மூச்சு’ பக்கத்தில் வெறும் கேள்விக்குறி.

இதே பத்திதான் எங்கள் பிரோஷருக்கும் போவதாக இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் கொண்டுவந்த பசுமைப் பூச்சு விதிகளை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். கிரீன், எகோ ஃப்ரெண்ட்லி, சஸ்டெய்னபிள் மாதிரிப் பொத்தாம்பொதுவான சொற்களை விளம்பரத்தில் போட்டால், எந்த அளவில், எதை வைத்து என்று பக்கத்திலேயே விளக்கம் வேண்டும்; கையில் ஆதாரமும் வேண்டும். அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் என் பத்தியில் மிச்சமிருந்தது ‘எங்கள்’, ‘மாறி’, மூன்று முற்றுப்புள்ளி.

சரி, எண்தானே வேண்டும்? கூரையில் 200 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். வருஷத்துக்கு 2.8 லட்சம் யூனிட் வருகிறது. (கம்பெனி மானம் கருதி எண்களைக் கொஞ்சம் மாற்றி, ரவுண்டாக்கிச் சொல்கிறேன்.) கிரிட்டிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு என்று மத்திய மின்சார ஆணையம் வருஷாவருஷம் கணக்குப் போட்டு வெளியிடுகிறது, 2023-24க்கு 0.727 கிலோ. பெருக்கினேன். 204 டன்! ‘கணிசமாக’வை அடித்துவிட்டு ‘204 டன் குறைத்துள்ளோம்’ என்று போட்டேன். அன்று சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டைக்கூட நிமிர்ந்த நெஞ்சோடுதான் ஏறினேன்.

எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் பிரின்ட் அவுட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஈபி பில்லப் பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. பில் அக்கவுன்ட்ஸில் இருக்கும். அக்கவுன்ட்ஸ் மாடியில் இருக்கிறது.

போன வருஷம் ஈபியிடம் வாங்கியது 28 லட்சம் யூனிட். இந்த வருஷம் 27.2 லட்சம். குறைந்தது வெறும் 80 ஆயிரம். சோலார் கொடுத்த மீதி 2 லட்சம் யூனிட்டை, புதிதாக ஆரம்பித்த நைட் ஷிஃப்ட் தின்றுவிட்டது. சோலார் இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய புகைதான் நான் போட்ட 204 டன். அது ‘தவிர்த்தது’. ‘குறைந்தது’ என்றால் போன வருஷ பில்லில் இருந்து இந்த வருஷ பில்லைக் கழிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கும் அதே 0.727 வைத்தால் வருவது 58 டன். நெஞ்சு கொஞ்சம் தளர்ந்தது.

“ஜெனரேட்டர் டீசல்?” என்றார் அடுத்து. கரன்ட் கட் புண்ணியத்தில் 12,000 லிட்டர் 15,000 ஆகியிருந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. 3,000 லிட்டருக்கு 8 டன். ஆக, 50 டன். மொத்த வெளியீடு 2,068 டன்னாக இருந்து 2,018 ஆகியிருக்கிறது. 2.4 சதவீதம். இதற்குத்தான் நான் ‘கணிசமாக’ என்று எழுதியிருந்தேன்.

சோகத்தில் இருந்தவனை புரொடக்ஷன் மேனேஜர் காப்பாற்றினார். உற்பத்தி 4,000 டன்னிலிருந்து 4,400 ஆகியிருந்தது. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு என்று பார்த்தால் வெளியீடு 11 சதவீதம் குறைவு. பிஆர்எஸ்ஆர் படிவம் விற்பனை ரூபாய்க்கு எவ்வளவு என்றும் கேட்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் இன்னும் அழகு. ஏனென்றால் அந்த வருஷம் நாங்கள் விலையை ஏற்றியிருந்தோம். ஒரு மெஷினைத் தொடாமல், இன்வாய்ஸில் எண்ணை மாற்றியே கார்பனைக் குறைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். சூப்பர்வைசர் பார்த்த பார்வையில் அதை முன்னால் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

மரக்கன்று விஷயம் சீக்கிரம் முடிந்தது. “500 மரக்கன்றுகள் நட்டோம்” என்று ஒரு வரி வைத்திருந்தேன். எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க காம்பவுண்டுக்குப் போனேன். வரியை எடுத்துவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் உஷாராகிவிட்டேன். மீட்டரைப் பார்க்காமல் ஒரு சொல்லும் கிடையாது. எங்கள் போர்வெல்லில் மீட்டர் இருக்கிறது. போன வருஷம் 2 கோடி லிட்டர், இந்த வருஷம் 1.2 கோடி. “நிலத்தடி நீர் எடுப்பை 40 சதவீதம் குறைத்துள்ளோம்.” எண் உண்டு, ஒப்பீட்டு வருஷம் உண்டு, மீட்டர் உண்டு. யாரும் விரல் வைக்க முடியாது என்று நினைத்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் சிரித்தார். “போர்ல காத்துதானே சார் வந்துச்சு? அதான் லாரி வருதே.” அவர் நோட்டைப் புரட்டினார். 12,000 லிட்டர் டேங்கர், வருஷத்தில் 700 லோடு. 84 லட்சம் லிட்டர். போர்வெல் தண்ணீரோடு கூட்டினால் 2.04 கோடி. குறையவில்லை; 2 சதவீதம் ஏறியிருக்கிறது.

பிஆர்எஸ்ஆர் அட்டவணையில் லாரித் தண்ணீருக்கு ‘மூன்றாம் தரப்பு’ என்று தனி வரி இருக்கிறது. அதனால் ‘நிலத்தடி நீர்’ வரி நிஜமாகவே குறையும். தப்பு சொல்ல முடியாது. ஆனால் லாரி எங்கே ரொப்புகிறது? படப்பைப் பக்கத்தில் ஒரு வயல் கிணற்றில் என்றார் டிரைவர். எங்கள் காம்பவுண்டுக்குள் உறிஞ்சியதை இன்னொருவர் காம்பவுண்டுக்குள் உறிஞ்சுகிறோம், டெலிவரி சார்ஜோடு. 2019 கோடையில் என் ஃபிளாட்டுக்கு வந்ததும் இதே மாதிரி லாரிதான். அந்தத் தண்ணீர் மேகத்திலிருந்து நேராக இறங்கியதாகவே நினைத்துக் குளித்திருக்கிறேன்.

கடைசியில் போன பத்தி இது:

“2023-24இல் மின்சாரம், டீசல் இரண்டாலும் எங்கள் ஆலையின் வெளியீடு 2,018 டன், முந்தைய வருஷம் 2,068. இரு வருஷத்துக்கும் கிரிட் மின்சாரம் யூனிட்டுக்கு 0.727 கிலோ என்று கணக்கிடப்பட்டது. ஒரு டன் உற்பத்திக்கு 11 சதவீதம் குறைவு. மின் தேவையில் சோலாரின் பங்கு 9 சதவீதம். டீசல் பயன்பாடு 25 சதவீதம் கூடியது. நீர் 2.04 கோடி லிட்டர், 2 சதவீதம் அதிகம். இதில் 84 லட்சம் டேங்கர் மூலம் வந்த கிணற்று நீர், லோடு எண்ணிக்கையை வைத்து மதிப்பிடப்பட்டது.”

எம்.டி. படித்தார். “யாருப்பா இது, நம்மளப் பத்தி நம்ம போட்டிக் கம்பெனிக்காரன் எழுதின மாதிரி இருக்கு?” என்றார். அப்புறம் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். கஸ்டமரிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: ஒவ்வொரு டேங்கரும் முழுசாகத்தான் வந்தது என்று எப்படித் தெரியும்? இப்போது லாரி வரும்போதெல்லாம் மேலே ஏறி எட்டிப் பார்ப்பது ‘கம்யூனிகேஷன்ஸ்’ வேலையில் சேர்ந்திருக்கிறது.

டிசைனர் மட்டும் தன் வேலையைக் காட்டிவிட்டார். பத்திக்குப் பின்னால் ஒரு பெரிய பச்சை இலை, அதன் நுனியில் பனித்துளி. பதறிப்போய் விதிகளை மறுபடி புரட்டினேன். ஏமாற்றும் நோக்கில் இல்லாத பொதுவான நிறத்துக்கும் படத்துக்கும் விலக்கு உண்டாம். இலையை விட்டுவிட்டேன், பனித்துளியை எடுக்கச் சொன்னேன், அது எந்த வரியில் வரும் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.