அக்கரைக் கணக்கு, இக்கரைச் செக்

வா மருமோன், இரு. சோதினைக்குப் படிக்கிறாய் எண்டு கொம்மா சொன்னாள். கையிலை என்ன, இந்தியாவிலை அடிச்ச வழிகாட்டியோ? நல்லது. புகையிலைத் தோட்டத்துக்குத் தேயிலைப் புத்தகம் படிச்ச மாதிரித்தான்.

சரி, ‘செக் திரும்பினால் நோட்டீஸ் எப்ப?’ எண்டொரு கேள்வி கிடக்குதே, அதைச் சொல்லு. 30 நாளோ? 15 நாளோ? ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒண்டாவது சரிவரும் எண்டு பாக்கிறாய்.

பிரக்கிராசியாரிட்டை லிகிதராய் இருந்து நாள் எண்ணியே என்ரை தலை நரைச்சது. சொல்லுறன், கேள். சென்னையிலை ஒருத்தன் வாங்கின செக் காசில்லாமல் திரும்பி, அந்தச் செய்தி மார்ச் 3ஆம் திகதி அவனுக்குக் கிடைச்சுதெண்டு வை. 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்ரை 138ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள்ளை, அதாவது ஏப்ரல் 2 முடியிறதுக்குள்ளை, ‘காசைத் தா’ எண்டு எழுத்திலை கேக்க வேணும். அவன் கடிதத்தை அனுப்பி, கடன்காரன் அதை ஏப்ரல் 10இலை வாங்கினால், குடுக்கிறதுக்கு 15 நாள் தவணை. அது ஏப்ரல் 25 மட்டும். குற்றம் அங்கை பிறக்கிறது 26ஆம் திகதிதான். பிறந்த நாளைக் கணக்கிலை சேர்க்கிறேல்லை. ஆனபடியால் மே 26 மட்டும் வழக்கு வைக்கலாம். ஏப்ரல் 20ஆம் திகதியே ஓடிப்போய் வழக்கு வைச்சால்? பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டின கதை. அப்பிடி வைக்கிற வழக்கு நிக்காது எண்டு 2014இலை இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லிப்போட்டுது.

படிக்கட்டு விளங்கினதே? நல்ல பிள்ளை. இனி அந்தப் படிக்கட்டைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வராதை. பாக்கு நீரிணையிலை தாண்டுபோகும்.

இஞ்சை குற்றத்தைச் சொல்லுறது 1990ஆம் ஆண்டின்ரை 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டம், 25ஆம் பிரிவு. அதிலை அந்த 15 நாள் தவணையைத் தேடாதை. ‘கணக்கிலை காசில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு எழுதினானோ?’ எண்டதுதான் கேள்வி. அந்தப் பிரிவு எழுதினபடி தண்டனை ஒரு வருசம் மட்டும் மறியல், இல்லாட்டி 10,000 ரூபாய் அல்லது செக்கின்ரை பத்திலை ஒரு பங்கு, எது கூடவோ அந்தக் குற்றப்பணம், அல்லது ரெண்டும். மூண்டு லட்சத்துச் செக்குக்கு 30,000. வங்கி திரும்பி அனுப்பின துண்டு மட்டும் போதாது; கையெழுத்து வைக்கேக்கை அவன்ரை மனசிலை என்ன கிடந்ததெண்டு காட்ட வேணும்.

அப்ப நோட்டீஸே தேவையில்லையோ எண்டு சிரிக்கிறாய். சிரி, சிரி. சுன்னாகத்து உரக்கடைக்காரரும் அப்பிடித்தான் சிரிச்சவர்.

கொழும்பு வியாபாரி ஒருத்தன் புத்தூர்த் தோட்டக்காரனுக்கு வெங்காயத்துக்கு மூண்டு லட்சத்துச் செக் குடுத்தான். தோட்டக்காரன் அதின்ரை பின்பக்கத்திலை கையெழுத்துப் போட்டு உரக்கடைக் கடனுக்குக் குடுத்தான். செக் திரும்பி வந்திட்டுது. கடைக்காரர் ‘நல்லூர்த் திருவிழா முடியட்டும், பாப்பம்’ எண்டு 25 நாளும் சாமி பாத்தார். பேந்து தோட்டக்காரனைப் பிடிச்சால், அவன் ‘எனக்கு ஆர் சொன்னது?’ எண்டான். தப்பியும் போட்டான்!

ஏனெண்டால் 1927ஆம் ஆண்டு மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்திலை வேறையொரு நோட்டீஸ் இருக்கு. செக் திரும்பின செய்தி வங்கியாலை வந்தால், பின்கையெழுத்துக்காரனுக்கு அடுத்த நாளே சொல்ல வேணும். அதே ஊரெண்டால் அடுத்த நாள் அவன் கையிலை சேர வேணும். வேற ஊரெண்டால் அடுத்த நாள் தபாலிலை போக வேணும். எழுத்திலையும் சொல்லலாம், வாயாலையும் சொல்லலாம். திரும்பின செக்கையே அனுப்பினாலும் காணும். சரியான விலாசம் போட்டுத் தபாலிலை சேர்த்தால், தபால்காரன் துலைச்சாலும் உன்ரை பிழையில்லை. சொல்லாட்டில் பின்கையெழுத்துக்காரன் விடுபட்டுப் போவான்.

கொழும்பு வியாபாரிக்கோ? கணக்கிலை காசில்லாமல் எழுதினவனுக்கு அந்த நோட்டீஸே தேவையில்லை. வெறும் பானையெண்டு பானைக்காரனுக்குத் தெரியாதே! கடைக்காரர் இப்ப கொழும்பு பஸ்ஸிலை போய் வாறார். சைக்கிளிலை போற தூரத்திலை இருந்த காசு போட்டுது.

ஆனபடியால் சோதினையிலை நாளை எண்ண முதல், கேள்வி எந்தக் கரையிலை நிக்குதெண்டு பார். 138ஆம் பிரிவெண்டால் 30, 15, பேந்து ஒரு மாதம் எண்டு எழுது. இஞ்சத்தைச் செக்கெண்டால் முதல் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். அங்கை ஒரு கையெழுத்துக் கிடந்தால் உனக்கு ஒரு நாள்தான்.