பத்து நாளில் பதினெட்டுக் கலை

ஏப்ரல் பிறந்தால் எனக்குச் சீசன். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார்களே, அந்த வாசகங்களை எழுதுவது என் தொழில். கோடைப் பயிற்சி முகாம் நடத்தும் மாஸ்டர் ஒருவர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். ஓவியம், சிலம்பம், அபாகஸ், கீபோர்டு, களிமண் பொம்மை, க்வில்லிங், கையெழுத்துப் பயிற்சி, ரூபிக்ஸ் கியூப் என்று போய், நோட்டின் கடைசியில் தஞ்சாவூர் ஓவியத்தில் முடிந்தது. மொத்தம் 18.

"ஒண்ணு விடாம வரணும் சார். லிஸ்ட் நீளமா இருந்தாத்தான் பெத்தவங்க பீஸ் கட்டுவாங்க."

இங்கேதான் ஆட்டோவின் கணக்கு குறுக்கே வருகிறது. தெருவுக்குள் ஆட்டோ 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வையுங்கள். வீட்டுக்கு முன்னால் 50 மீட்டர், தாண்டிப் போய் 50 மீட்டர்; அவ்வளவு தூரம்தான் பேச்சு புரியும், அதற்கு மேல் வெறும் இரைச்சல். ஆக ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 24 விநாடி. அதில் நிதானமாகப் படித்தால் 40, 45 சொல் தேறும். 18 கலையை அடுக்கினால் அதற்கே நேரம் போய்விடும். வடக்குத் தெருவுக்குச் சிலம்பமும் அபாகஸும் கேட்கும், நடக்கும் இடமும் போன் நம்பரும் தெற்குத் தெருவுக்குக் கேட்கும். இரண்டு தெருக்காரர்களும் கூடிப் பேசினால்தான் ஒரு பிள்ளை சேரும்.

அதனால் ஆட்டோ வாசகத்தை எங்கிருந்து கேட்டாலும் புரிகிற மாதிரி எழுதவேண்டும். என்ன, எந்த வயசுக்கு, எங்கே, எத்தனை மணிக்கு. இந்த நாலும் ஒவ்வொரு 24 விநாடிக்குள்ளும் திரும்ப வரவேண்டும். போன் நம்பரை யாரும் எழுதிக்கொள்வதில்லை, அடுப்படியில் பேனா இருக்காது. 'பிள்ளையார் கோயில் பக்கத்து மண்டபம்' என்று சொன்னால் போதும்.

மாஸ்டருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நான் வேறு பக்கமாக வந்தேன்.

"பத்து நாள், தினம் மூணு மணி நேரம். மொத்தம் 30 மணி. 18-ஆல வகுத்தா ஒரு கலைக்கு 1 மணி 40 நிமிஷம். வருகைப் பதிவும் பிஸ்கட்டும் இதுக்குள்ளதான். தஞ்சாவூர் ஓவியம் எப்படி மாஸ்டர் முடியும்?"

பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, காயவிட்டுத் தேய்த்து, வரைந்து, கல் பதித்து, மேடு எழுப்பி, அதையும் காயவிட்டு, தங்க ரேக் ஒட்டி, வண்ணத்துக்கு வருவது கடைசியில்தான். காய்வதற்கே நாள் கணக்கில் போய்விடும்.

"பலகை ரெடிமேடா வருது சார். கிருஷ்ணரும் ரெடிமேடு. பசங்க கல்லு ஒட்டிட்டு, தங்கக் கலர் பேப்பர ஒட்டினா போதும். மெட்டீரியலுக்குத் தனியா வாங்கிக்குவோம்."

அந்த 'தனியா' மட்டும் எந்த ஆட்டோவிலும் ஒலித்ததில்லை. பீஸ் கேட்கப் போகிற பெற்றோர் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான். அடுத்துக் கேட்கவேண்டியது, ஒரு மாஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று. சிலம்பத்தில் இது ரொம்ப முக்கியம். 30 பிள்ளைகள் கையிலும் கம்பைக் கொடுத்துவிட்டு ஒரே ஆசான் நின்றால், அவர் கற்றுத்தருவது ஒதுங்கும் கலை. நல்ல ஆசான் முதல் சில நாள் கம்பையே தரமாட்டார், காலடிதான் வைக்கச் சொல்வார். பெற்றோர் வந்து, "கம்பு எங்கே?" என்று சண்டை போடுவார்கள்.

"பத்து நாளும் தொடர்ச்சியாவா?" என்றேன்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். மே மாசம் கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைப்பது முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான். நடுவில் வைகாசி பிறந்ததும் வாசலில் வாழைமரம் கட்டிவிடுவார்கள். போன வருஷம் விவரம் தெரியாமல் ஒரு பையன் சிலம்பக் கம்போடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டானாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பையன் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பையன் என்றும் நினைத்து, இரண்டு தரப்பும் பாயசம் ஊற்றியிருக்கிறார்கள். முகாமில் முழுமையாகப் பயன்பெற்ற ஒரே மாணவன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். 'பெற்றோர்களே! 6 முதல் 14 வயது வரை. ஓவியம், சிலம்பம், களிமண் பொம்மை. பிள்ளையார் கோயில் பக்கத்து மண்டபம். காலை 10 முதல் 1 மணி வரை. செல்போனை மறக்கவைக்கும் பத்து நாட்கள்!' மீதிப் 15 கலையும் போன் நம்பரும் நோட்டீஸுக்குப் போயின. செல்போன் வரியை எடுத்துவிடலாம் என்றேன். தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதாக அதே நோட்டீஸில் இருந்தது. அந்த வரிக்குத்தான் தாய்மார்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதே வரிக்குப் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஆட்டோ ஒரு ரவுண்டு போய் வந்ததும் முதல் போன் வந்தது. மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார். ஓர் அம்மா. என்ன கலை என்று கேட்கவில்லை, யார் ஆசான் என்று கேட்கவில்லை.

"ஒரு மணிக்கே விட்டுடுவீங்களா? மூணு வரைக்கும் வச்சுக்க முடியாதா சார்?"

மாஸ்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டதும் பசங்களப் படுக்க வச்சுட்டு, யோக நித்திரைன்னு பத்தொன்பதாவதாப் போட்டுக்கலாமா சார்?"