எந்தப் பக்கத்தை எண்ணுவது?

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு தமிழ்ப் பத்திரம் ஆங்கிலமாக வேண்டுமென்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் வருவார்கள். வளைகுடாவுக்குப் போகிறவரின் பிறப்புச் சான்றிதழ் வரும், மேல்கோர்ட்டுக்குப் போகும் வழக்குக் கட்டு வரும், பாகப்பிரிவினைப் பத்திரம் வரும். ஹையர் முடித்த கையோடு அங்கே மாஸ்டருக்கு உதவியாக நான் உட்கார்ந்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. எந்தப் பக்கம் என்பதை மாஸ்டர் முதலிலேயே சொல்லிவிடுவார்: "நீங்க கொண்டாந்த பக்கம் இல்லீங்க, நாங்க அடிச்சுக் குடுக்கற பக்கம்." நெருக்கி எழுதிய நாலு பக்கப் பத்திரம் ஆங்கிலத்தில் இரட்டை இடைவெளியில் ஒன்பது பக்கம் போகும். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் அவர் காகிதத்தைக் கையில் வாங்கியதே கிடையாது.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தார். அகல், பொம்மை, ஃப்யூஸ் கேரியர் எல்லாமே எண்ணிக்கைக் கூலி. அச்சிலிருந்து எடுத்ததை எண்ணுவதா, சூளையிலிருந்து முழுசாக வெளியே வந்ததை எண்ணுவதா என்பதில்தான் வாரக் கூலியே மாறும். மொழிபெயர்ப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

இன்று வேலை ProZ.com போன்ற தளங்கள் வழியாக வருகிறது. 1999இல் தொடங்கிய தளம் அது. ஏஜென்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களே மதிப்பெண் போடும் Blue Board என்ற பகுதி அதில் உண்டு. பதில் எழுதும் முன் அதைத்தான் முதலில் பார்ப்பேன். பணம் தராத ஏஜென்சி அங்கே அநேகமாக மாட்டிக்கொள்ளும். மாதிரிக்கு இருநூறு முந்நூறு சொல் இலவசமாகச் செய்து தரலாம். இரண்டாயிரம் சொல்லை "டெஸ்ட்" என்று அனுப்பினால் அது வேலையேதான். பதிவுக் கட்டணம் கட்டு, வேலை தருகிறேன் என்பவர் வேலை தரப்போவதில்லை.

விலைக்கு வருவோம். "சொல்லுக்கு ஒன்றரை ரூபாய், சரியா?" என்று கேட்டுக் கடிதம் வரும். சரி என்று சொல்வதற்கு முன் மாஸ்டரின் கேள்வியைக் கேட்டாக வேண்டும்: எந்தப் பக்கத்துச் சொல்? தமிழில் உருபும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். பத்திரத்தில் வரும் "அனுபவித்துவருகிறபடியால்" தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக விரியும். என் அனுபவத்தில் ஆயிரம் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் 1,400லிருந்து 1,600 வரை ஆகிறது.

ஒரு வழக்குக் கட்டில் 3,000 தமிழ்ச் சொல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை எண்ணினால் ஒன்றரை ரூபாய் வீதம் 4,500 ரூபாய். ஆங்கிலம் 4,500 சொல் வந்தால், அதே வீதத்தில் 6,750. நான் மணிக்கு 300 ஆங்கிலச் சொல்தான் ஒழுங்காக எழுதிச் சரிபார்ப்பேன், ஆகவே 15 மணி நேரம். மணிக்கு 300 ரூபாயா, 450 ரூபாயா என்பது வீதத்தில் இல்லை, எண்ணும் பக்கத்தில் இருக்கிறது. ஏஜென்சி மூலத்தைத்தான் எண்ணுவேன் என்றால் வாதாட வேண்டாம், தமிழ்ச் சொல்லுக்கு இரண்டேகால் ரூபாய் கேளுங்கள், கணக்கு நேராகிவிடும். இடைவெளியைப் பார்த்துத்தான் கணினி சொல்லை எண்ணுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. "வந்து கொண்டிருந்தார்" என்று பிரித்து அடித்தவரின் கோப்பில் இரண்டு சொல், சேர்த்து அடித்தவரின் கோப்பில் ஒன்று. ஸ்கேன் செய்த பத்திரமாக வந்தால் மூலத்தை நம்பி எண்ண முடியாது, ஆங்கிலத்தைத்தான் எண்ண வேண்டும். இதை வேலை தொடங்கும் முன் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையில் குழப்பம் நிமிடத்தில் வரும். மணிக்கு 1,800 ரூபாய் என்று விளம்பரம் பார்த்ததும் நம் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அது ஆடியோ மணி, வேலை செய்யும் மணி அல்ல. நிமிடத்துக்கு 30 ரூபாய் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பீங்கான் தொழிலாளர் பற்றி ஆய்வு செய்தவர் ஒருவருக்கு 30 நிமிடப் பேட்டியை எழுதிக் கொடுத்தேன். ஒருவர் மட்டும் அமைதியான அறையில் பேசியிருந்தால் நாலு மணி நேர வேலை. இதில் மூன்று பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினார்கள், பின்னால் களிமண் அரைக்கும் பால் மில் விடாமல் உருண்டுகொண்டிருந்தது. ஏழு மணி நேரம் பிடித்தது. நிமிடத்துக்கு 30 என்றால் மொத்தம் 900 ரூபாய், மணிக்கு 130கூட வராது. முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கி, கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்த்த பிறகே விலை சொன்னதால் 60 ரூபாய் கேட்டேன், கொடுத்தார். எத்தனை பேர் பேசுகிறார்கள், "ம்", "வந்து" எல்லாம் அப்படியே வேண்டுமா, நேரக்குறி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டும் என்ற மூன்றும் தெரியாமல் நிமிட விலை சொல்லவே முடியாது.

அதே பேட்டி பிறகு படமானது, வசனவரி போட என்னிடமே வந்தது. இங்கே சொல் கணக்கு ஆகவே ஆகாது. வசனவரி எழுதுபவரின் உழைப்பு சொல்லைக் குறைப்பதில் இருக்கிறது. சொல்லுக்குக் கூலி என்றால் நன்றாகச் செய்கிறவருக்குக் குறைவாகக் கிடைக்கும். ஒரு வரிக்கு 42 எழுத்து, திரையில் இரண்டு வரி, நொடிக்கு 17 எழுத்துக்கு மேல் பார்வையாளர் படிக்க மாட்டார் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. பேட்டியில் பேசிய பெரியவர் ஒருவர் மூன்று நொடியில் சொன்னார்: "அவசரப்பட்டுச் சூளையத் தொறந்தா, குளிர்காத்துப் பட்டு அத்தனையும் விரிசல் உட்டுரும்." முழுதாக மொழிபெயர்த்தால் ஏறத்தாழ 90 எழுத்து. மூன்று நொடிக்கு இடம் 51தான். குளிர்காற்றை விட்டுவிட்டேன், படத்தில் சூளைக் கதவு திறப்பது தெரிகிறது:

```
41
00:03:12,400 --> 00:03:15,400
Open the kiln too soon
and every piece cracks.
```

இப்போது 45 எழுத்து. Subtitle Edit என்ற இலவச மென்பொருளில் எல்லை மீறிய வரி சிவப்பாகத் தெரியும். இந்த ஒரு வரிக்குச் சில நிமிடம் போகிறது, ஆகவே படத்தின் நிமிடக் கணக்கில்தான் கேட்க வேண்டும். அதிலும் நேரம் குறித்த டெம்ப்ளேட் அவர்கள் தருகிறார்களா, நாமே குறிக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். நாமே குறிப்பதானால் வேலை ஏறத்தாழ இரட்டிக்கும்.

பெரிய மேடைகளின் பெயரைச் சொல்லி நேரடி வேலை என்று வரும் அழைப்புகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் ஹெர்மீஸ் என்ற தேர்வை உலகெங்குமுள்ள வசனவரி எழுதுவோருக்குத் திறந்தது, அடுத்த ஆண்டே மூடிவிட்டது. இடைநிலை நிறுவனங்கள் வழியாகவே அந்த வேலைகள் இறங்கிவருகின்றன. நம் கைக்கு வரும் நிமிட விலை அவர்கள் பங்கு போக மிஞ்சியது.

புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு பக்கத் தமிழையும் ஐந்து நிமிட ஒலியையும் எடுத்து, உங்கள் கைக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று குறித்துவிட்டு விலையை எழுதுங்கள்.