சிவப்பு மைத் திருத்தங்கள்

சித்தூரில் ஒரு விநியோகக் கம்பெனியில் நான் பில் போட உட்கார்ந்தது தொண்ணூறுகளில். பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி என்று பல சரக்குகள் வந்து இறங்கும். விற்பனைப் பையன் சந்திரகிரி, திருப்பதி என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எழுதிவருவான். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதியாக பில் போடுவோம். மறுநாள் விடியற்காலையில் வேன் பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் புறப்படும். கடைக்காரர் இரண்டு பெட்டி வேண்டாம் என்றால், டிரைவர் அங்கேயே பேனாவை எடுத்து பில்லில் ஒரு கோடு போட்டு, கூட்டுத்தொகையை அடித்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். சாயங்காலம் கணக்கப்பிள்ளை அதைச் சிவப்பு மையால் பேரேட்டில் திருத்துவார். ஆர்டரில் தொடங்கிப் பணம் கைக்கு வருவது வரையிலான பயணம் அவ்வளவும் அந்தச் சிவப்பு மையில்தான் சரியாயிற்று.

இப்போது அந்தக் கோட்டைப் போட முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனம், ஜிஎஸ்டி எண் உள்ள கடைக்கு பில் போட்டால் அதை அரசின் தளத்தில் பதிவுசெய்து 64 எழுத்து கொண்ட ஓர் எண்ணை வாங்கியாக வேண்டும். அப்படிப் பதிவான பில்லில் ஒரு வரியைக்கூடத் திருத்த வழியில்லை. 24 மணி நேரத்துக்குள் முழு பில்லையும் ரத்து செய்யலாம். இல்லையென்றால் திரும்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் போட வேண்டும், அதையும் பதிவுசெய்ய வேண்டும்.

2025 தீபாவளி முடிந்த கையோடு எங்கள் கம்பெனியில் புது மென்பொருளுக்கு ஏற்புச் சோதனை நடந்தது. புது முறையை நாளை முதல் கையாளப்போகிறவர்களே உட்கார்ந்து, இது நம் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் சோதனை. மென்பொருள்காரர்கள் கொண்டுவந்த திட்டத்தில் ஆர்டர் போடு, பில் போடு, பணம் வாங்கு என்று நேர்க்கோட்டில் போகும் வரிசைகள்தான் இருந்தன. அவை எல்லாமே தேறின. தேறாமல் எப்படிப் போகும்? ஆனால் சரக்கு குறையாத, கடைக்காரர் மறுக்காத, பாக்கி வைக்காத ஒரு நாள் எங்கள் தொழிலில் கிடையவே கிடையாது.

திட்டத்தைத் திரும்ப எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடோனில் கட்டிவைத்திருந்த பழைய பில் புத்தகங்களை இறக்கச் சொன்னேன். சிவப்பு மை விழுந்த ஒவ்வோர் இடமும் ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டேன். எதிர்பார்க்கும் விடையை ரூபாய்க் கணக்கில் முதலிலேயே எழுதிவைத்த பிறகுதான் கணினியைத் தொட வேண்டும் என்பதையும் கண்டிப்பாக்கினேன். திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வது சோதனை ஆகாது.

அவற்றில் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். திருப்பதியில் ஒரு கடை. செப்டம்பர் நடுவில் போட்ட பில்லில் 12,000 ரூபாய் பாக்கி. இப்போது 20 பெட்டி பிஸ்கட் கேட்கிறார். பெட்டி 1,000 ரூபாய், வரி 5 சதவீதம். குடோனில் இருப்பது 18. எனவே பில் 18 பெட்டிக்குத்தான் விழ வேண்டும்: 18,000, வரி 900, ஆக 18,900. கடைக்காரர் 16 பெட்டியை இறக்கிக்கொண்டு இரண்டைத் திருப்புகிறார். கிரெடிட் நோட் 2,100. இந்த பில்லில் நிற்பது 16,800.

அதோடு, செப்டம்பரில் வாங்கியதில் ஒரு பெட்டி காலாவதியாகிவிட்டது என்று அதையும் கொடுக்கிறார். பிஸ்கட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 அன்றுதான் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய பில் 18 சதவீதத்தில் போட்டது என்பதால் அதன் கிரெடிட் நோட்டும் 18 சதவீதத்தில்தான் போக வேண்டும்: 1,180 ரூபாய். மென்பொருள் அன்றைய விகிதத்தை எடுத்து 1,050 என்று காட்டியது. காரணம், திருப்பிய பெட்டியை அது எந்தப் பழைய பில்லோடும் முடிச்சுப் போடவில்லை. பொருளின் தற்போதைய விகிதத்தை மட்டும் பார்த்தது. ஒரு கடைக்கு 130 ரூபாய் வித்தியாசம். எல்லாக் கடைகளிலும் காலாவதிச் சரக்கை எடுக்கும் மாதத்தில் கடைக்காரர்களின் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்தே போகாது.

கடைசியில் பணம். கடைக்காரர் 10,000 ரூபாய் கொடுத்து, “இது இன்னைக்கு பில்லுக்கு வரவு வெச்சுக்கப்பா, பழைய பில்லுல கழிவு பேசி முடிக்கணும்” என்கிறார். எழுதிவைத்த விடைப்படி இன்றைய பில்லில் 6,800, பழையதில் 10,820, மொத்தம் 17,620. விகிதத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டியபோது மொத்தம் அதே 17,620 வந்தது. அறையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பில்வாரியாகப் பார்த்தால் பழைய பில்லில் 820தான் இருந்தது, இன்றைய பில்லில் 16,800 அப்படியே நின்றது. பழைய பாக்கியை முதலில் கழிக்கும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். கழிவு பேசி முடியாத பில் முக்கால்வாசிக்கு மேல் அடைந்துவிட்டதாகவும், பணம் கொடுத்த பில்லுக்கு ஒரு ரூபாய்கூட வராததாகவும் பதிவாகிவிடும். தவணை நாள் கடந்ததும் அந்த நல்ல கடையின் அடுத்த ஆர்டர் தானாக நின்றுபோகும். மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது. இதைக் கண்டுபிடித்தது கலெக்‌ஷன் பையன். மறுவாரம் அந்தக் கடைக்குப் போய் நிற்கப்போகிறவன் அவன்தான்.

கடன் வரம்பிலும் அப்படித்தான். முன்பு முதலாளி மனத்தில் கணக்கு வைத்திருப்பார். திருமலை பிரம்மோற்சவம் நெருங்கினால் திருப்பதிக் கடைகளுக்கு வரம்பைத் தளர்த்துவார். புது முறையில் அந்த அனுமதியை யார் கொடுத்தார் என்ற பெயர் பதிவாகிறது, இது நல்ல மாற்றம். ஆனால் நாங்கள் ஒரே கடைக்குக் காலையில் 18,000, மாலையில் 15,000 என்று இரண்டு ஆர்டர் போட்டோம். வரம்பு 40,000, பாக்கி 12,000. தனித்தனியே இரண்டும் தேறின; சேர்த்தால் 45,000. பில் ஆகாமல் காத்திருக்கும் ஆர்டரை மென்பொருள் எண்ணவே இல்லை. முதலாளி எண்ணியிருப்பார்.

மாநில எல்லையைத் தாண்டி இருக்கும் குடியாத்தம் கடைக்கு மாநிலங்களுக்கு இடையிலான வரி விழுகிறதா என்ற சோதனையில் சிக்கல் எதுவும் இல்லை.

பில்வாரி வரவும் கடன் வரம்பும் சரியாகும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தொடங்கும் நாள் தள்ளிப்போனது. அதன்பின் ஒரு வாரம் பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. தினமும் மாலையில் முந்தைய பாக்கியோடு அன்றைய பில்லைக் கூட்டி, கிரெடிட் நோட்டையும் வரவையும் கழித்து, பில் பில்லாக ஒப்பிட்டோம்.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒன்று வரவிருந்தால், பழைய பில் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சோதனை நடக்கும் அறையில் மேனேஜர்களோடு வேன் டிரைவருக்கும் கலெக்‌ஷன் பையனுக்கும் நாற்காலி போடுங்கள்; அவர்கள் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.