சின்ன முள்ளுக்காக ஒரு வக்காலத்து

கடிகாரம் பழகும் பிள்ளையிடம் ஐந்தே முக்காலுக்கு மணி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஆறே முக்கால்’ என்று பதில் வரும். வீடே சிரிக்கும். ஆனால் பிள்ளை கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறது. சின்ன முள் ஆறை உரசாத குறையாக நிற்கிறது, பெரிய முள் முக்காலில் நிற்கிறது. இரண்டையும் கூட்டினால் ஆறே முக்கால்தானே? ஐந்தை விட்டு அத்தனை தூரம் வந்துவிட்ட முள்ளைக் காட்டி, ‘இது ஐந்துதான்’ என்று அடித்துப் பேசுகிறவர்கள் நாம். இந்த வழக்கில் நான் பிள்ளையின் கட்சி. பாடத்தைப் பெரிய முள்ளிலிருந்து தொடங்குவதால்தான் இத்தனை குழப்பமும். சின்ன முள்ளிலிருந்து தொடங்க வேண்டும்.

வழக்கமான பாடம் உங்களுக்குத் தெரியும். பெரிய முள் 3-இல் நின்றால் கால், 6-இல் நின்றால் அரை, 9-இல் நின்றால் முக்கால். 3 என்று எழுதியிருப்பதைப் பதினைந்து என்றும், 9 என்று எழுதியிருப்பதை நாற்பத்தைந்து என்றும் படிக்கச் சொல்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே இப்போதுதான் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். இதற்குத் துணையாக ஓர் அட்டைக் கடிகாரம் வேறு. அதில் இரண்டு முட்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகளைப் போலத் தனித்தனியே சுற்றும். பெரிய முள்ளை 6-க்குத் தள்ளிவிட்டுச் சின்ன முள்ளை 5-இன் தலைமேல் அப்படியே உட்கார வைத்து, ‘இதுதான் ஐந்தரை’ என்கிறோம். உலகத்தில் ஒழுங்காக ஓடும் எந்தக் கடிகாரத்திலும் அப்படியொரு நேரம் வராது. ஐந்தரைக்குச் சின்ன முள் ஐந்துக்கும் ஆறுக்கும் நட்டநடுவில்தான் நிற்கும். அட்டையில் பழகிய பிள்ளை சுவரைப் பார்த்ததும் விழிக்காமல் என்ன செய்யும்?

ஐரோப்பாவின் பழைய கோபுரக் கடிகாரங்கள் பலவற்றுக்கு மணி முள் மட்டும்தான். 1656-இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்குமுன், நிமிடத்தைக் காட்டும் யோக்கியதை பெரும்பாலான கடிகாரங்களுக்கு இல்லை. ஊரார் அந்த ஒற்றை முள்ளை வைத்தே காலும் அரையும் கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தில் கோனிங்ஸ்பி என்ற ஊரின் தேவாலயத்தில் அப்படியொரு ஒற்றை முள் கடிகாரம் இன்றும் இருக்கிறது. அதையே வீட்டில் செய்யலாம். பழைய பேட்டரிச் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றி, நொடி முள்ளையும் நிமிட முள்ளையும் எடுத்துவிடுங்கள். சின்ன முள் யாரையும் எதிர்பார்க்காமல் ஓடும். ஒவ்வொரு இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் மூன்று புள்ளிகள் வையுங்கள்: கால், அரை, முக்கால். பிறகு கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். கடைசியாக எந்த எண்ணைத் தாண்டியது? தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஐந்தைத் தாண்டி முக்கால் தூரம் வந்திருந்தால் ஐந்தே முக்கால். ஆறை இன்னும் தொடவில்லை என்பதால் ஆறு என்ற பேச்சே எழாது. பள்ளியில் ‘க்வார்ட்டர் டு சிக்ஸ்’ என்று கேட்டாலும் அதே புள்ளிதான். வந்த தூரத்தைச் சொல்லாமல் போக வேண்டிய தூரத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

‘பள்ளி வேன் எட்டு பத்துக்கு வருகிறது, காலையும் அரையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ என்பது நியாயமான ஆட்சேபம். சின்ன முள் ஒரு நிமிடத்தில் நகர்வது அரை டிகிரி. அதை வைத்து எட்டு பத்தையும் எட்டேகாலையும் பிரித்தறிவது கழுகுக்கே கஷ்டம். ஆனால் அந்தத் திணறல் பிள்ளைக்கும் வரவேண்டும் என்கிறேன். ‘கால்தானா, கொஞ்சம் முன்னேயா?’ என்று அதுவே முணுமுணுக்கும் நாளில் பெரிய முள்ளைத் திரும்ப மாட்டுங்கள். சின்ன முள் ஒரு வீடு நகர்வதற்குள் பெரிய முள் முழுச் சுற்று சுற்றுவதைக் காட்டினால், அது எதற்காக இருக்கிறது என்பது புரிந்துவிடும். ஐந்தாம் வாய்ப்பாடு அதன்பிறகு போதும். மாட்டும்போது மட்டும் கவனம் தேவை: சின்ன முள் ஓர் எண்ணை நேராகத் தொடும்போது பெரிய முள் 12-இல் இருக்க வேண்டும். சரிதானா என்று அறிய, ஆறு மணிக்குத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முட்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

‘இரண்டு முள்ளும் வந்தபின் எது எது என்று மாற்றிக்கொள்ளுமே?’ என்றும் கேட்பார்கள். மாற்றிக்கொள்ளும். இரண்டே முக்காலைப் பார்த்து ‘ஒன்பதேகால்’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. மணிமுள் குட்டை என்று நூறுமுறை சொல்வதைவிட, பழைய கேள்வியையே கேட்கலாம்: ஒன்பதேகால் என்றால் மணி முள் ஒன்பதைத் தாண்டிக் கால் தூரம் வந்திருக்க வேண்டுமே, வந்திருக்கிறதா? பார்த்தால் ஒன்பதில் இருக்கும் முள் ஒன்பதின்மேலேயே அசையாமல் நிற்கிறது. மற்றதோ மூன்றுக்குக் கால் தூரம் முன்னால் நிற்கிறது. எந்த முள் மணி முள் என்று பிள்ளையே கையும் களவுமாகப் பிடித்துவிடும். அட்டைக் கடிகாரத்தில் இந்தத் துப்பறிதல் பலிக்காது. அதைப் பரணில் போட்டுவிடுங்கள்.